இரண்டாவது கயிறு

சென்னை ராஜீவ் காந்தி சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைப்பவர்களைப் பலரும் பார்த்திருப்போம். பக்கத்தில் வாளி ஆடிக்கொண்டிருக்கும். கையில் ரப்பர் பட்டை வைத்த துடைப்பான் இருக்கும். அண்ணாந்து பார்க்கும் நம் கண் அந்த மனிதர் மேலேயே நின்றுவிடுகிறது. ஆனால் அவர் மாலையில் பத்திரமாகத் தரையிறங்குவாரா என்பது மொட்டைமாடியில், கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், கீழிருந்து யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில் முடிவாகிறது. அவருடைய கயிறு அங்கே எதில் கட்டப்பட்டிருக்கிறது என்பது முதல் கேள்வி. இரண்டாவது கயிறு எதில் கட்டப்பட்டிருக்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

உயரத்தில் தொங்கி வேலை செய்யும் முறைகளில் இரண்டு பரவலானவை. ஒன்று, ஆள் நேரடியாகக் கயிற்றில் இறங்குவது. மற்றது, இரண்டு கம்பிக்கயிறுகளில் தொங்கும் மேடையில் நின்று வேலை செய்வது. சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய நம் ஊர்க்காரர்கள் இந்த மேடையைக் கொண்டோலா என்பார்கள். இரண்டுக்கும் கருவிகள் வேறு, ஆபத்துகள் வேறு. ஆனாலும் இரண்டையும் தாங்கி நிற்கும் விதி ஒன்றுதான்: ஆளைச் சுமக்கும் ஏற்பாடு முழுவதும் அறுந்து போனாலும், அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொரு ஏற்பாடு அவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த இன்னொரு ஏற்பாட்டை லைஃப் லைன் என்கிறார்கள். இந்தத் தொழிலில் பரிசோதனை என்று செய்யப்படும் அத்தனை வேலைக்கும் ஒரே நோக்கம்தான் என்று எனக்குப் படுகிறது. இரண்டாக இருக்க வேண்டியவை எங்கே யாருக்கும் தெரியாமல் ஒன்றாகிவிட்டன என்று தேடுவதே அது.

முதலில் கயிற்றில் இறங்குபவரைப் பார்ப்போம். குகைகளில் இறங்குபவர்களும் மலையேறிகளும் உருவாக்கிய நுட்பத்தை 1980களில் பிரிட்டனில் கட்டட வேலைக்கும் வட கடல் எண்ணெய் மேடைகளின் பராமரிப்புக்கும் கொண்டுவந்தார்கள். அந்தத் தொழில் செய்தவர்கள் கூடி அமைத்த ஐராட்டா என்ற சங்கத்தின் பயிற்சியும் நடைமுறையும் இன்று பல நாடுகளில் அளவுகோலாக இருக்கின்றன. அவர்கள் முறைப்படி ஆளுக்கு இரண்டு கயிறு. முதல் கயிறு வேலைக்கயிறு. தொழிலாளியின் இடுப்பிலும் தொடையிலும் மார்பிலும் பட்டைகள் சுற்றிய ஹார்னஸ் இருக்கும். அதில் மாட்டிய இறக்கக் கருவி வழியாக வேலைக்கயிறு ஓடுகிறது. கைப்பிடியை அழுத்தினால் இறங்கலாம், விட்டால் கருவி கயிற்றைக் கவ்வி நின்றுவிடும். இரண்டாவது கயிறு பக்கத்திலேயே தளர்வாகத் தொங்கும். அதில் ஓடும் பிடிப்பான் ஒன்று ஹார்னஸோடு தனியாக இணைந்திருக்கும். சாதாரணமாக இறங்கும்போது அது கூடவே நழுவி வரும். திடீரென்று வேகம் கூடினால் கயிற்றைக் கவ்விக்கொள்ளும்.

கயிறு என்றதும் தேங்காய் நார்க் கயிற்றையோ, கடையில் கிலோ கணக்கில் விற்கும் பிளாஸ்டிக் கயிற்றையோ நினைக்க வேண்டாம். இது சுமார் 11 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட நைலான் அல்லது பாலியெஸ்டர் கயிறு. உள்ளே எடையைச் சுமக்கும் இழைக்கட்டு இருக்கும், அதைச் சுற்றிப் பின்னிய உறை இருக்கும். புதுக் கயிற்றில் நேராக இழுத்தால் 2,000 கிலோவுக்கு மேல் தாங்கும். தொழிலாளியும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்தால், நல்ல கயிறு வெறும் எடையால் அறுவது அநேகமாக நடக்காத காரியம். அறுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் மொட்டைமாடிக்கு ஏற வேண்டும்.

கயிற்றின் மேல் முனை கட்டப்படும் இடத்துக்கு ஆங்கர் என்று பெயர். முறையான கட்டடத்தில் மொட்டைமாடி ஓரமாக, இறங்க வேண்டிய ஒவ்வொரு பகுதிக்கும் நேராக, கான்கிரீட்டில் ஊன்றிய இரும்பு வளையங்கள் இருக்கும். அப்படி எதுவும் இல்லாத கட்டடங்களே நம் ஊரில் கண்ணில் படுகின்றன. அங்கே கயிறு எதில் கட்டப்படும்? ஏசி எந்திரம் நிற்கும் இரும்புத் தாங்கி, தண்ணீர்க் குழாய், கைப்பிடிச் சுவர் மேல் பதித்த கம்பி, விளம்பரப் பலகையின் கால் என்று கையில் கிடைப்பதில் கட்டப்படும். "எப்பவும் இதுலதான் சார் கட்டுவோம்" என்று பதில் வரும். அந்தப் பதிலில் பொய் இல்லை. பலமுறை தாங்கியிருக்கும். ஆனால் அப்போதெல்லாம் அது தாங்கியது மெதுவாக இறங்கும் ஒரு மனிதரின் எடையை மட்டும்தான்.

நிற்கும் எடைக்கும் விழும் எடைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. வேலைக்கயிறு அறுந்து, 100 கிலோ எடை கொஞ்ச தூரம் விழுந்து, இரண்டாவது கயிற்றில் சட்டென்று நிற்கிறது என்று வையுங்கள். அந்தக் கணத்தில் ஆங்கரை இழுக்கும் விசை அவர் எடையைப் போலப் பல மடங்காகிவிடும். அதைக் குறைக்கத்தான் பிடிப்பானுக்கும் ஹார்னஸுக்கும் நடுவே மடித்துத் தைத்த ஒரு பட்டையை வைக்கிறார்கள். இழுப்பு வந்ததும் தையல் கிழிந்து கிழிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஐரோப்பியத் தரத்தின்படி அந்தப் பட்டை, உச்ச விசையைச் சுமார் 600 கிலோ எடைக்குச் சமமான அளவுக்குள் அடக்க வேண்டும். அப்படி அடக்கிய பிறகும், 100 கிலோவையே சுமந்து பழகிய ஏசி தாங்கியின் துருப்பிடித்த போல்ட் மீது அந்த 600 கிலோ ஒரே நொடியில் வந்து விழுகிறது. அதுவும் போல்ட் வடிவமைக்கப்பட்ட திசையில் வராது. ஏசி தாங்கி கீழ்நோக்கி எடை தாங்கச் செய்யப்பட்டது. கயிறோ அதைக் கட்டட ஓரத்தை நோக்கிப் பக்கவாட்டில் இழுக்கிறது.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, 2016 நவம்பரில் வெளியிட்ட விதிகளில் இதற்கு ஒரு தெளிவான எண்ணை வைத்தது. கயிற்றில் இறங்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆங்கர் எந்தத் திசையில் இழுத்தாலும் 5,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,270 கிலோ, தாங்க வேண்டும். மேலே சொன்ன 600 கிலோவோடு ஒப்பிட்டால் இது கிட்டத்தட்ட நாலு மடங்கு. துரு, வயது, கட்டியவரின் கவனக்குறைவு எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த இடைவெளி இது. ஆனால் இந்த எண்ணைவிட அதே விதியில் வரும் இன்னொரு வரியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஆங்கர்கள் அடையாளம் காணப்பட்டு, சோதிக்கப்பட்டு, சான்றளிக்கப்பட்டு, பராமரிக்கப்படுகின்றன என்று கட்டட உரிமையாளர் எழுத்தில் தர வேண்டும். அந்தக் காகிதம் கைக்கு வராமல் ஒப்பந்ததாரர் ஆளை இறக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் பார்வையிட வேண்டும். சான்றிதழைத் தேவைப்படும்போதும், எப்படியும் 10 ஆண்டுகளுக்குள்ளும் புதுப்பிக்க வேண்டும்.

இதில் பொறுப்பு இடம் மாறுவதைக் கவனியுங்கள். காலையில் வந்து மாலையில் போகும் துப்புரவுக் குழுவுக்கு அந்தக் கான்கிரீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வாய்ப்பில்லை. தெரியக்கூடியவர் கட்டடக்காரர் மட்டுமே. வரைபடம் அவரிடம் இருக்கிறது. எப்போது நீர்க்கசிவு வந்தது, எப்போது தளம் மாற்றிப் போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நம் ஊரில் ஒப்பந்தக் காகிதத்தில் "விபத்து நேர்ந்தால் முழுப் பொறுப்பும் ஒப்பந்ததாரருடையது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது வழக்கம். அந்த வாக்கியத்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் போல்ட் ஒரு மில்லிமீட்டர்கூட உறுதியாகாது.

அந்த ஆங்கரை எப்படிச் சோதிப்பது? கட்டடம் எழும்போதே கம்பிகளோடு சேர்த்து வார்த்த ஆங்கர் ஒரு வகை. தளத்தைத் துளைத்து அடியில் தகடு வைத்து முடுக்கியது இன்னொரு வகை. பிறகு யோசித்துத் துளையிட்டு, ரசாயனப் பசை ஊற்றி, அதற்குள் போல்ட்டைச் செருகியது மூன்றாவது. பழைய கட்டடங்களில் பெரும்பாலும் வசதிப்படுவது இந்த மூன்றாவதுதான். கவலை தருவதும் அதுதான். துளையிட்டதும் உள்ளே சிமென்ட் மாவு நிற்கும். அதை ஊதி, தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊதி எடுக்காவிட்டால் பசை கான்கிரீட்டில் ஒட்டாமல் அந்த மாவில் ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் நல்ல ஆங்கருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் இப்படிப்பட்ட ஆங்கர்களைப் பிரிட்டனில் ஆண்டுதோறும் இழுத்துப் பார்க்கிறார்கள். கைப்பிடியைச் சுற்றினால் மேல்நோக்கி இழுக்கும் சிறு கருவி ஒன்றை வளையத்தில் மாட்டி, சுமார் 600 கிலோ விசை கொடுத்து 15 நொடி நிறுத்தி வைப்பார்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் உள்ளே ஏதோ நழுவுகிறது என்று பொருள். அந்த ஆங்கரைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. அன்றைக்கு அது 600 கிலோ தாங்கியது என்பதை மட்டுமே அது சொல்கிறது. மேலும் விசையைக் கூட்டிச் சோதித்தால் நல்ல ஆங்கரையே சோதனை கெடுத்துவிடக்கூடும். ஆகவே கண் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. வளையம் தளத்தைத் தொடும் இடம்தான் முதலில் அழுகும். மழைநீர் தேங்குவதும் வெயிலில் உலர்வதும் அங்கேதான். கடற்கரை ஊரில் காற்றிலுள்ள உப்பு அந்த வேலையை வேகப்படுத்தும். வளையத்தின் மேல்பகுதி பளபளப்பாக இருந்து, அடியில் தளத்தோடு சேரும் இடத்தில் துருக்கறை வழிந்திருந்தால், அதுதான் உண்மையான செய்தி. நீர்க்கசிவைத் தடுக்க மொட்டைமாடிக்கு மேற்பூச்சு போடும்போது ஆங்கரின் அடித்தகட்டையும் சேர்த்து மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே எதையும் பார்க்கவே முடியாது. பார்க்க முடியாத ஆங்கரை நல்ல ஆங்கர் என்று எந்தப் பொறியாளரும் சான்றளிக்கக் கூடாது.

இனி, இரண்டு ஒன்றாகும் இடங்கள். வேலைக்கயிற்றையும் லைஃப் லைனையும் ஒரே வளையத்தில் மாட்டினால் அது ஒரே கயிறுதான், நீளமாக இரண்டு முறை தொங்குகிறது, அவ்வளவே. வளையம் வந்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே வரும். இது எளிதில் புரிகிறது. சற்று மறைவான இடம் கட்டட விளிம்பு. இரண்டு கயிறுக்கும் தனித்தனி ஆங்கர் இருந்தும், இரண்டும் ஒரே கூரிய விளிம்பின் மேல் வளைந்து இறங்கினால் அங்கே மறுபடி ஒன்றாகிவிடுகின்றன. கண்ணாடி துடைப்பவர் ஒரே இடத்தில் நேராகத் தொங்குவதில்லை. இடதுபுறக் கண்ணாடிக்கு எட்டி, வலதுபுறம் தள்ளி, காற்றில் ஆடி என்று அசைந்துகொண்டே இருப்பார். அவர் கீழே ஆடும் ஒவ்வொரு முறையும் மேலே கயிறு விளிம்பில் குறுக்காக இழுபடுகிறது. அலுமினியப் பலகையின் ஓரமோ, பூச்சு உதிர்ந்து ஜல்லி துருத்திய கான்கிரீட் மூலையோ அங்கே இருந்தால், எடை ஏறி விறைத்து நிற்கும் கயிறு அதிக நேரம் தாங்காது. இழுத்தால் 2,000 கிலோ தாங்கும் கயிறு கூர்மைக்கு முன்னால் அப்படி அறுந்துவிடும். ஆகவே விளிம்பில் தடித்த உறையோ, உருளை வைத்த தாங்கியோ கட்டாயம். அந்த உறையும் நகர்ந்துவிடாமல் தனியாகக் கட்டப்பட வேண்டும். மடித்த கோணிச்சாக்கு ஒரு மணி நேரத்தில் நழுவி ஓரமாகப் போய்விடும். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும் என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். கீழே தொங்குபவருக்குத் தன் கயிறு மேலே எதில் உராய்கிறது என்று தெரிய வழியில்லை.

எனக்கு மிகவும் அச்சம் தருவது மூன்றாவது இடம், ஏனென்றால் அது கண்ணுக்கே தெரியாது. கட்டட முகப்பில் படிந்த சிமென்ட் கறையையும் உப்புக் கறையையும் எடுக்க அமிலம் கலந்த திரவங்களைப் பயன்படுத்துகிறார்கள். நைலானுக்கு அமிலம் ஆகாது. பாலியெஸ்டருக்குக் காட்டமான காரம் ஆகாது. அமிலம் பட்ட நைலான் கயிறு நிறம் மாறாமல், உறை கிழியாமல், தொட்டால் வழக்கம்போலவே இருந்துகொண்டு உள்ளே பலத்தை இழந்திருக்கலாம். அதே வாளியிலிருந்து சிதறிய துளிகள் வேலைக்கயிற்றிலும் லைஃப் லைனிலும் ஒன்றாகவே படுகின்றன. இரண்டும் ஒரே நாளில் வாங்கியவையாக, ஒரே மூலையில் சுருட்டி வைத்தவையாக இருக்கும். ஒன்றைக் கெடுத்தது மற்றதையும் கெடுத்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கயிற்றைப் பார்த்துப் பயனில்லை, பதிவேட்டைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஓர் எண், வாங்கிய தேதி, எந்தக் கட்டடத்தில் எந்தத் திரவத்தோடு பயன்பட்டது என்ற குறிப்பு இருந்தால்தான் "இந்தக் கயிறு போதும், இனி வேண்டாம்" என்று முடிவெடுக்க முடியும்.

கையால் கண்டுபிடிக்கக்கூடியவையும் உண்டு. வேலை தொடங்கும் முன் கயிறு முழுவதையும், முனையிலிருந்து முனை வரை, விரல்களுக்கு நடுவே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்பார்கள். ஓரிடத்தில் திடீரென்று மெலிந்து மெத்தென்று போனால் உள்ளிருக்கும் இழைக்கட்டு அறுந்திருக்கலாம். ஓரிடத்தில் கண்ணாடிபோல வழவழப்பாக விறைத்திருந்தால், வேகமாக இறங்கிய சூட்டில் உறை உருகியிருக்கிறது. உறை பஞ்சுபோல எழும்பியிருந்தால் விளிம்பில் தேய்ந்திருக்கிறது. ஹார்னஸில் பட்டையை வளைத்துப் பிடித்தால், நேராக இருக்கும்போது மறைந்திருந்த சிறு வெட்டு வாய் திறந்து காட்டும். தையல் நூல் பட்டையின் நிறத்திலிருந்து வேறுபட்ட நிறத்தில் இருப்பது அழகுக்காக அல்ல, நூல் அறுந்தால் உடனே தெரிவதற்காக. கொக்கியின் வாய் விரலை எடுத்ததும் தானே மூடிக்கொள்ள வேண்டும். தயங்கினால் உள்ளே மணலோ உப்போ சேர்ந்திருக்கிறது. கழித்த கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிவிட வேண்டும் என்பது பழைய கைகளின் உறுதியான பழக்கம். முழுதாக மூலையில் போட்டால், ஆள் அவசரமாக இருக்கும் ஒரு நாளில் அது திரும்பக் கட்டடத்தின் மேல் ஏறிவிடும்.

தொங்கு மேடைக்கு வருவோம். அதன் உயிர் கூரையிலிருந்து வெளியே நீண்டிருக்கும் இரண்டு இரும்பு உத்தரங்களில் இருக்கிறது. உத்தரத்தின் முன்முனை கட்டடத்துக்கு வெளியே நீண்டு மேடையின் கம்பிக்கயிற்றைத் தாங்கும். பின்முனையில் எதிர் எடைகளை அடுக்கியிருப்பார்கள். பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசாப் பலகையின் கணக்குத்தான் இங்கேயும். எடையை அது தாங்கும் புள்ளியிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மேடையின் ஒரு பக்க எந்திரம் 500 கிலோ தூக்கக்கூடியது. உத்தரம் தாங்கும் புள்ளியிலிருந்து அரை மீட்டர் வெளியே நீண்டிருக்கிறது, பின்பக்கம் 3 மீட்டர் இருக்கிறது. சமநிலைக்கு மட்டும் 83 கிலோ போதும். ஆனால் மேடை எங்காவது ஜன்னல் விளிம்பில் மாட்டிக்கொண்டு எந்திரம் தொடர்ந்து இழுத்தால் உத்தரத்தின் மீது வரும் விசை எகிறிவிடும். அதனால் அமெரிக்க விதி நாலு மடங்கு கேட்கிறது. அப்படியானால் 333 கிலோ வேண்டும். 25 கிலோ எடைக்கட்டி என்றால் 14. இப்போது அதே உத்தரத்தை, கீழே துருத்தியிருக்கும் சன்ஷேடைத் தாண்டுவதற்காக இன்னும் அரை மீட்டர் வெளியே தள்ளுகிறார்கள். முன்பக்கம் 1 மீட்டர் ஆகிறது, பின்பக்கம் இரண்டரை மீட்டராகக் குறைகிறது. இப்போது தேவைப்படுவது 800 கிலோ, அதாவது 32 கட்டிகள். அரை மீட்டர் நகர்த்தியதில் தேவை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. உத்தரத்தை நகர்த்தும் முடிவு வேலையின் நடுவே, அரை நிமிடத்தில் எடுக்கப்படுகிறது. கட்டிகளை எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. மணல் மூட்டையும் தண்ணீர் டிரம்மும் எதிர் எடைக்கு ஆகாது என்று விதிகள் தனியாகச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. மூட்டை கிழிந்தால் மணல் கொட்டிக்கொண்டே இருக்கும், மேடையில் நிற்பவருக்குத் தெரியாது. எடைகளை உத்தரத்தோடு பூட்டி வைக்க வேண்டும். அதற்கும் மேலாக, உத்தரத்தைக் கட்டடத்தின் உறுதியான பகுதி ஒன்றோடு தனிக் கம்பிக்கயிற்றால் பின்னோக்கிக் கட்டியிருக்க வேண்டும். எடை போதாமல் உத்தரம் சாய்ந்தாலும் அது கீழே போகாது. இங்கேயும் இரண்டாவது கயிறுதான்.

மேடையில் நிற்பவரின் லைஃப் லைன் எதில் இருக்க வேண்டும் என்பதை இப்போது ஊகித்துவிடலாம். மேடையின் கைப்பிடியில் இருக்கக் கூடாது, உத்தரத்திலும் கூடாது, எதிர் எடைகளிலும் கூடாது. மேடை எதை நம்பியிருக்கிறதோ அது எதையும் நம்பாத தனி ஆங்கரில், ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்த "ஆளுக்கு ஒன்று" என்ற இரண்டு சொற்களின் விலை 2009 டிசம்பர் 24 அன்று கனடாவின் டொராண்டோ நகரில் தெரிந்தது. கிப்ளிங் அவென்யூவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பால்கனிகளில் கான்கிரீட் செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், வேலை முடியும் மாலை நேரம். தரையிறங்குவதற்காக ஆறு பேர் 13-வது மாடி அருகே ஒரே மேடையில் ஏறினார்கள். அங்கே வழக்கமாக இரண்டு பேர்தான் ஒரு மேடையில் வேலை செய்வார்கள். அந்த மேடைக்கு இருந்த லைஃப் லைன்களும் இரண்டுதான். மேடை நடுவில் உடைந்தது. ஐந்து பேர் விழுந்தார்கள். நாலு பேர் இறந்தார்கள், ஒருவர் படுகாயத்தோடு பிழைத்தார். ஆறாவது நபர் லைஃப் லைனில் தன்னைச் சரியாக மாட்டியிருந்தார். அவர் தொங்கிக்கொண்டு நின்றார்.

பிறகு நீதிமன்றத்தில் வெளிவந்த விவரங்கள் பரிசோதனையின் பாடமாகவே இருக்கின்றன. மேடையின் வடிவமைப்பில் குறை இருந்தது, ஆறு பேரின் எடையையும் கருவிகளின் எடையையும் அது தாங்கவில்லை. ஆனால் குறை இருப்பதைச் சந்தேகிக்க வெல்டிங் நிபுணர் யாரும் வேண்டியிருக்கவில்லை. அந்த மேடை வேலையிடத்துக்கு வந்தபோதே அதில் வரிசை எண் இல்லை. எவ்வளவு எடை தாங்கும் என்ற அடையாளம் இல்லை. கையேடு இல்லை, பொறியாளரின் வரைபடம் இல்லை. சட்டப்படி இருக்க வேண்டிய அடையாளங்கள் எதுவும் இல்லாமல் வந்த மேடையை ஏற்றுக்கொண்ட அந்த நிமிடத்தில்தான் பரிசோதனை தவறிவிட்டது. தாங்கும் எடை எழுதப்பட்டிருந்தால், ஆறு பேர் ஏறும்போது யாராவது ஒருவர் அந்த எண்ணைப் பார்த்திருக்கலாம்.

ஒப்பந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. முதலில் 2,00,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அது போதாது என்று 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 7,50,000 டாலராக உயர்த்தியது. திட்ட மேலாளர் மீது குற்றவியல் அலட்சிய வழக்கு நடந்தது. லைஃப் லைன்கள் போதவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தும், ஆட்களை மேடையில் ஏறவிட்டார் என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. 2016-ல் அவருக்கு மூன்றரை ஆண்டு சிறை. இறந்தவர்கள் அனைவரும் பிழைப்புக்காக வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். "இன்னும் நாலு கயிறு வேண்டும்" என்று கேட்கும் நிலையில் அவர்கள் இருந்தார்களா என்பதை வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்த நம் குடும்பங்கள் எளிதாகப் புரிந்துகொள்ளும். அந்த விபத்துக்குப் பிறகு அமைந்த நிபுணர் குழுவின் பரிந்துரைகளின் தொடர்ச்சியாக, 2015-லிருந்து ஒண்டாரியோ மாநிலத்தில் கட்டுமான வேலைகளில் உயரத்தில் ஏறுபவருக்குப் பயிற்சி கட்டாயமானது.

டொராண்டோவில் தொங்கி நின்றவரைப் பற்றி யோசிக்கும்போது இன்னொன்றும் வருகிறது. லைஃப் லைன் பிடித்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. ஹார்னஸில் அசைவில்லாமல் தொங்குபவரின் கால்களில் ரத்தம் தேங்கத் தொடங்கும். தொடைப் பட்டைகள் அழுத்தும். மயங்கிவிட்டவர் என்றால் சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகலாம். தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டு, வண்டி நெரிசலைக் கடந்து வந்து, ஏணி எட்டாது என்று கண்டறியும் வரை காத்திருக்க முடியாது. 2014 நவம்பரில் நியூயார்க்கின் ஒன் வேர்ல்டு டிரேட் சென்டரில், மேடையின் ஒரு பக்கக் கம்பிக்கயிறு தளர்ந்து, இரண்டு துப்புரவாளர்கள் 68-வது மாடிக்கு வெளியே சாய்ந்த மேடையில் சிக்கினார்கள். தீயணைப்பு வீரர்கள் உள்ளிருந்து தடித்த கண்ணாடியை அறுத்து அவர்களை உள்ளே இழுக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அது மிகத் தேர்ந்த மீட்புப் படை உள்ள நகரம். அவர்கள் சுயநினைவோடு மேடைக்குள் இருந்ததால் அவ்வளவு நேரம் தாங்கினார்கள்.

அதனால் கயிற்றில் இறங்கும் குழுக்களில் நல்லவை மீட்பை வெளியாரிடம் விடுவதில்லை. மேல்முனையில் கயிற்றை வளையத்தில் வெறும் முடிச்சாகப் போடாமல், பூட்டிய இறக்கக் கருவி ஒன்றின் வழியாகக் கட்டுவார்கள். கீழே தொங்குபவர் அசையவில்லை என்றால், மாடியில் நிற்பவர் அந்தப் பூட்டைத் திறந்து, கயிற்றை மெல்ல விட்டு, அவரை அப்படியே தரைக்கு இறக்கிவிடலாம். இதற்குக் கயிறு தரை வரை எட்டிய பிறகும் மேலே மீதி இருக்க வேண்டும், அதாவது கட்டட உயரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம் வேண்டும். கயிற்றில் காசு மிச்சம் பிடிக்கும் குழுவிடம் அது இருக்காது. குறைந்தபட்சம், ஏற்கெனவே ஆங்கரில் மாட்டிய தனி மீட்புக் கயிறும், அதில் இறங்கத் தெரிந்த இன்னொருவரும் மாடியில் தயாராக இருக்க வேண்டும்.

குடியிருப்புச் சங்கத்திலோ அலுவலக நிர்வாகத்திலோ இருப்பவர் அடுத்த முறை வெளிச்சுவர் வேலைக்கு ஆள் வரும்போது மொட்டைமாடிக்கு ஏறிப் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் இரண்டு கயிறு இருக்கிறதா, இரண்டும் வெவ்வேறு இடத்தில் கட்டப்பட்டிருக்கின்றனவா, விளிம்பில் உறை போட்டிருக்கிறார்களா, மாடியில் ஒருவர் நிற்கிறாரா என்று பார்க்கப் பொறியியல் படிப்பு வேண்டாம். ஆங்கர் இல்லாத கட்டடம் என்றால், பொறியாளரை வைத்து அதைப் பொருத்தும் செலவு சங்கத்தின் கணக்கில் வர வேண்டியது. வர்ணம் அடிக்கும் ஒப்பந்தத்துக்கு விலை கேட்கும் அதே கூட்டத்தில் அதற்கும் ஒரு தொகையை ஒதுக்கிவிடலாம்.